நாற்பதாயிரத்தோடு நிற்கும் கோப்பு

வாட்ஸாப்பில் 55,000 செய்திகள் சேர்ந்த குடும்பக் குழு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்த மகள் அதைக் கோப்பாக எடுத்துவைக்க நினைக்கிறாள். ஆண்ட்ராய்டில் குழுவைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, More, பிறகு Export chat. படங்களோடு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கும்.

படங்களோடு என்றால் கடைசி 10,000 செய்திகள்தான் வரும். படங்கள் வேண்டாம் என்றால் 40,000 வரை. மின்னஞ்சலின் அளவு வரம்பே காரணம் என்கிறது வாட்ஸாப். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. நாலைந்து கல்யாண வீடியோக்களுக்கே அது போதாது!

அவள் எழுத்து மட்டும் போதுமென்று முடிவெடுக்கிறாள். படம் இருந்த இடத்தில் <Media omitted> என்று நிற்கும். வெட்டுப்படுவது பழைய பகுதி: முதல் 15,000 செய்திகள், அதாவது தாத்தா உயிரோடிருந்தபோது அனுப்பிய காலை வணக்கங்கள்.

எச்சரிக்கை எதுவும் வராது என்றே எண்ணிக்கொண்டு, கோப்பின் முதல் வரியிலுள்ள தேதியைப் பார்ப்பது நல்லது. குழு தொடங்கிய நாளுக்கு வெகுகாலம் பிந்தியிருந்தால், மீதி வரவில்லை.

இந்த .txt கோப்பைத் திரும்ப வாட்ஸாப்புக்குள் ஏற்றவும் முடியாது. அதற்கு பேக்கப் தனி.