வாய் அசைவு தப்பும் இடம்

சாலிகிராமத்தின் உள்தெருக்களில் பல எடிட்டிங் ஸ்டுடியோக்கள் பெயர்ப்பலகை இல்லாத வீடுகளில்தான் நடக்கின்றன. நான் போய் உட்கார்ந்திருந்தது அப்படி ஒரு மாடி வீட்டில். மூன்று எடிட் அறைகள், ஏசி எப்போதும் ஓடும் ஒரு சின்ன சர்வர் அறை. விளம்பரம், வெப் சீரிஸ், அவ்வப்போது ஒரு சினிமா. அதை நடத்தும் எடிட்டர் பிலிம் காலத்தில் உதவியாளராகத் தொழிலுக்கு வந்தவர். வேலை கேட்டு வருபவர்களின் ஷோரீலை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

அன்று வந்திருந்தவர் மதுரைப் பக்கத்து இளைஞர். நான்கு வருடங்களாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார். கையில் நல்ல வேலை இருந்தும் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். "ஆடியும் மார்கழியும் வந்தா கை காஞ்சிடும் சார். தை, வைகாசியில தூங்கவே நேரம் இருக்காது. முடிச்சுக் குடுத்த ஆல்பத்துக்கே மிச்சக் காசு ஆறு மாசம் கழிச்சுத்தான் வரும்" என்றார். முகூர்த்த மாதங்களை நம்பி வாழும் இந்தத் தொழிலின் கணக்கு முழுக்க அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

அவருடைய ஷோரீல் மூன்று நிமிடம். ட்ரோன் காட்சி, மெதுவாகச் சிதறும் பூக்கள், தாளத்துக்குத் தாளம் மாறும் ஷாட்டுகள். எடிட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒலியை நிறுத்தினார். பாட்டு போனதும் அந்த வெட்டுகளுக்குப் பிடிமானமே இல்லாமல் போனது. எந்த ஷாட்டை எங்கே மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. "இதுல யாராவது பேசுறாங்களா தம்பி?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. "அப்போ நீ எதை எடுத்த, எதை விட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது ஒரே ஒரு காட்சி. ஏதாவது ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவை உட்கார வைத்து எடுத்த பேட்டி இருந்தால், அதன் வெட்டப்படாத முழுப் பதிவும், அதிலிருந்து செதுக்கிய இரண்டு நிமிடமும் வேண்டும். கூடவே புராஜெக்ட் பைலும். எனக்கு வியப்பு தந்தது அந்தக் கடைசிக் கோரிக்கைதான். வெட்டிய காட்சி ரசனையைச் சொல்லும்; அடுத்தவர் இந்த ஆளோடு வேலை செய்ய முடியுமா என்பதைப் புராஜெக்ட் பைல்தான் சொல்லும்.

அடுத்த முறை நான் போனபோது அந்தப் பேட்டி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு பத்து நிமிடம். படம் கேமராவில், குரல் அப்பாவின் சட்டையில் குத்திய மைக்கிலிருந்து தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் கைதட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். கை சேரும் பிரேமும் தட்டல் ஒலியும் சரியாகப் பொருந்தின. எடிட்டர் நேராகப் பதிவின் கடைசிக்குப் போனார். அங்கே உதடு மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருந்தது.

தொடக்கம் முதலே ஒரே அளவு தள்ளி இருந்தால், கைதட்டலைத் தவறாகப் பொருத்தியிருக்கிறோம் என்று பொருள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகத் தள்ளினால், படமும் ஒலியும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. இங்கே இரண்டாவது. சினிமா வேகம் நொடிக்கு 24 பிரேம். பல மிர்ரர்லெஸ் கேமராக்களின் மெனுவில் 24p என்று எழுதியிருந்தாலும் உண்மையில் பதிவாவது 23.976. அமெரிக்காவில் கலர் டிவி வந்தபோது நொடிக்கு 30 பிரேமை 29.97 ஆகக் குறைத்ததன் எச்சம் இது. இளைஞர் டைம்லைனை 24இல் அமைத்து, அதற்கு ஒத்துப்போகட்டும் என்று கிளிப்புகளையும் பிரீமியரின் `Interpret Footage` பெட்டியில் 24 என்று மாற்றியிருந்தார். படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடியது. பத்து நிமிடம் என்பது 600 நொடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.6 நொடி, ஏறத்தாழ 14 பிரேம். உதடு தப்புவது எவருக்கும் தெரியும் அளவு அது.

அவருடைய இரண்டு நிமிடக் காட்சியில் மட்டும் இது தெரியவே இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் குரலைக் கையால் இரண்டு பிரேம், ஐந்து பிரேம் என்று நகர்த்திச் சரிசெய்திருந்தார். கல்யாண வீடியோவுக்கு அது போதும்; அங்கே வேலை அவரோடு முடிந்துவிடுகிறது. இங்கே அவருடைய டைம்லைன் சவுண்ட் டிசைனரிடம் போகும், கலர் செய்பவரிடம் போகும். அவர்கள் ஒரு வெட்டை நீட்டிப் பார்த்தாலே கையால் ஒட்டியது பிய்ந்துவிடும். கிளிப்பை 23.976க்குத் திருப்பி, டைம்லைனையும் அதற்கே அமைத்து, குரலை மறுபடி ஒரே முறை பொருத்தச் சொன்னார் எடிட்டர். உதடு கடைசி வரை ஒட்டியது. தனித்தொழிலுக்கும் ஸ்டுடியோ வேலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திறமைக் குறைவு என்று அதைச் சொல்ல முடியாது. அடுத்த மேசையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அதுவரை அவருக்கு வந்ததில்லை.

வெட்டிலும் ஒரு திருத்தம் சொன்னார். மகள் முதன்முதலில் ஹாஸ்டலுக்குப் போன நாளைப் பற்றிக் கேட்டதும் அப்பா மூன்று நொடி பக்கவாட்டில் பார்க்கிறார், பிறகுதான் பேசுகிறார். இளைஞர் அந்த மூன்று நொடியை வெட்டி, மணப்பெண் சிரிக்கும் ஷாட்டைச் செருகியிருந்தார். "அவர் பதிலைத் தேடுற நேரம் அது. அதை எடுத்துட்டா மனப்பாடம் பண்ணிப் பேசுற மாதிரி இருக்குப்பா." அந்த 72 பிரேமைத் திரும்ப வைத்து ஓட்டிப் பார்த்தோம். அதே சொற்கள்தான், ஆனால் இப்போது நம்ப முடிந்தது.

புதிய ஷோரீல் ஒன்றரை நிமிடத்துக்குச் சுருங்கியது. தொடக்கத்திலேயே அந்த அப்பா. ஒவ்வொரு துண்டின் கீழும் அவர் செய்தது என்ன என்று ஒரு வரி: எடிட் மட்டும், கலர் வேறொருவர் என்பதுபோல. முழு இரண்டு நிமிடக் காட்சிக்குத் தனி இணைப்பு. பேட்டியைக் காட்ட அந்தக் குடும்பத்திடம் சம்மதமும் வாங்கிவந்தார்.

மாதச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தை மாதத்தில் அவர் சம்பாதித்ததைவிடக் குறைவு. ஆனால் ஆடியிலும் அதே தொகை வரும். முதல் வேலை வெட்டுவதல்ல. படப்பிடிப்பிலிருந்து வரும் கார்டுகளை இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, நகலும் மூலமும் ஒன்றுதானா என்று மென்பொருளில் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்கவிடாமல் காப்பது. பிறகு ஒலி பொருத்துவது, காட்சி எண், டேக் எண்படி அடுக்குவது. அதிலும் தேறிய பிறகுதான் எடிட்டரின் பக்கத்து நாற்காலி.

நான் கடைசியாகப் பார்த்தபோது ஒரு வெப் சீரிஸ் எபிசோடைச் சவுண்டுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஒலித் துண்டுக்கும் இரு பக்கமும் சில நொடி கூடுதல் விட்டு ஏஏஎப் பைல். டைம்கோடு எரித்த பார்வைப் பிரதி. படம் தொடங்குவதற்குச் சரியாக 2 நொடி முன்பு ஒரு பிரேம் நீளத்துக்கு ஒரு 'பீப்'. படம் முடிந்து 2 நொடி கழித்து இன்னொன்று. முதல் பீப் பொருந்தினால் தொடக்கம் சரி. கடைசி பீப்பும் பொருந்தினால்தான் வேகம் சரி. அவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார், கடைசி பீப்பை மட்டும் இன்னொரு முறை பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தார், பிறகு டிஸ்க்கின் மேல் தேதியும் பிரேம் வேகமும் எழுதி ஒட்டினார்.