அத்தை எழுதிய லிஸ்ட்

ஏற்காட்டில் அவசரத்துக்கு வேண்டியது பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும். மாத மளிகைக்கு மட்டும் சேலம் இறங்கும் வீடுகள் உண்டு. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பாக்கெட் விட்டுப்போனது என்று மறுபடி இறங்க முடியாது.

அப்படி ஒரு வீட்டில் லிஸ்ட் எழுதுவது மாமியார். அது கடிதம் மாதிரி இருக்கும்.

"துவரம்பருப்பு 2 கிலோ வாங்கு கண்ணு. மிளகு வேண்டாம், நம்ம மரத்துதே இருக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வராங்க, பஜ்ஜி போடணும். தேங்காய் எண்ணெய் 2, ஒண்ணு தலைக்கு. மாமாவுக்கு பிஸ்கட், சர்க்கரை போடாதது. பாத்திர சோப்பு 3. வெண்ணெய் 200 கிராம், இல்லேன்னா நெய்."

கடைக்குப் போவது மகன். இதை வைத்துக்கொண்டு பருப்புக்கும் சோப்புக்கும் நாலு தடவை நடப்பார். அதனால் மருமகள் முதல் நாள் இரவே போனில் ரேக் வாரியாகப் பிரித்துவிடுகிறார்.

பொருளின் பெயரை மட்டும் பொறுக்கினால் போதாது. 'வேண்டாம்' விட்டுப்போய் மிளகு வந்து சேரும். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் ஊரில் இது பெரிய கேலி! அதைவிட முக்கியம் பிஸ்கட். 'சர்க்கரை போடாதது' விடுபட்டால் மாமாவுக்கு கிரீம் பிஸ்கட்தான் வரும்.

பஜ்ஜி எந்த ரேக்கிலும் இருக்காது. டப்பாக்களைத் திறந்து பார்த்தார். அரிசி மாவும் சோடா உப்பும் இருந்தன. கடலை மாவு, கடலை எண்ணெய், வாழைக்காய் மூன்றும் இல்லை.

பிறகு, அந்தக் கடையில் நடக்கும் வரிசைப்படி எழுதினார்:

பருப்பு, மாவு: துவரம்பருப்பு 2 கிலோ, கடலை மாவு அரை கிலோ
எண்ணெய்: கடலை எண்ணெய் 1 லிட்டர், சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் 1
பிஸ்கட்: மாமாவுக்கு 1, சர்க்கரை போடாதது
சோப்பு, ஷாம்பு: பாத்திர சோப்பு 3, தலைக்குத் தேங்காய் எண்ணெய் 1
காய்கறி: வாழைக்காய் 4
ஃப்ரிட்ஜ்: வெண்ணெய் 200 கிராம். இல்லையென்றால் நெய், எண்ணெய் ரேக் பக்கத்தில்
வாங்க வேண்டாம்: மிளகு

வெண்ணெய் உருகாமல் இருக்க ஃப்ரிட்ஜ் கடைசியில். நெய்யைத் தனியாக எண்ணெயின் கீழே எழுதியிருந்தால் மகன் இரண்டையும் வாங்கிவிடுவார். அதனால் வெண்ணெயோடு சேர்த்தே எழுதினார்.

அத்தையின் வரிகளை உடனே அழிப்பதில்லை. கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மேலே போனதும் அந்தச் சொற்களை மட்டும் அழிக்கிறார். ஏதாவது மிஞ்சினால் விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். மேலே எண்ணினால் வாங்க வேண்டியவை 9.

கீழே மிஞ்சியது, 'ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வராங்க.' அதை எந்த ரேக்கில் போடுவது? அப்படியே விட்டுவிட்டார். மகன் 9 பொருளோடு ஒரு டப்பா கடலை மிட்டாயும் வாங்கி வந்தார்.