பத்துக்கும் நானூறுக்கும் நடுவே

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை என்பதால் வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 IU தரச் சொல்லியிருந்தார் டாக்டர். நாங்கள் வாங்கிய புட்டியில் ஒரு மில்லிக்கு 400 IU. கூடவே வந்த டிராப்பரில் 1 மில்லி கோடு வரை உறிஞ்சி, வாயோரமாக விட்டால் வேலை முடிந்தது.

ஒரு ராத்திரி அது தீர்ந்துபோனது. வெளியே சரியான மழை. பிள்ளைச்சாவடி கடற்கரைப் பக்கம் வீடு, காற்று வேறு. "அதான் தங்கச்சி கொண்டுவந்த மருந்து இருக்கே" என்றார் என் கணவர். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸில் யாராவது சொந்தம் இருப்பது சகஜம்தானே. போன மாதம் வந்த என் நாத்தனார், குழந்தைக்கென்று ஒரு குட்டிப் புட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவும் வைட்டமின் டி சொட்டுதான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் படித்தார். ஒரு சொட்டில் 10 µg என்று இருந்தது.

"டாக்டர் 400 சொன்னாரு. இதுல பத்துதான் இருக்கு. அப்ப 40 சொட்டு விடணும்."

நான் அதைவிட மோசம். சொட்டையெல்லாம் எண்ணுவானேன் என்று பழைய டிராப்பரையே கையில் எடுத்துவிட்டேன்.

மகள்தான் தடுத்தாள். "அம்மா, அது IU இல்ல, வேற ஏதோ அளவு. இன்னிக்கு ஒண்ணும் வேணாம், காலையில கேட்டுக்கலாம்." ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது, உடம்பில் சேமித்து வைக்கிற வைட்டமின் அது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் இரண்டு புட்டிகளையும் மருந்துக்கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் பார்த்ததும், "ஆன்ட்டி, ரெண்டும் ஒண்ணுதான். அந்த ஒரு சொட்டே 400 IU" என்றாள்.

தலை சுற்றியது. 40 சொட்டு என்றால் 16,000 IU. 40 நாள் மருந்து ஒரே வேளையில்!

அவள் பொறுமையாக விளக்கினாள். µg என்பது மைக்ரோகிராம். சில டப்பாக்களில் mcg என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. அது எடையைச் சொல்கிறது. IU என்பது எடை அல்ல, மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கான அளவு. இந்த வைட்டமினைத் தனியாகப் பிரித்து எடைபோட முடியாத காலத்தில், எலிகளுக்குக் கொடுத்து எலும்பு தேறுகிறதா என்று பார்த்துத்தான் அளந்தார்களாம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வைட்டமின் டியில் 1 மைக்ரோகிராம் 40 IU. 10 என்றால் 400, 25 என்றால் 1000. பிரெஞ்சுப் புட்டியில் UI என்று இருந்தால் அதுவும் நம் IU-தான், எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் சத்துப்பொருளாக விற்பதில் மைக்ரோகிராமில் போடவேண்டும் என்று சட்டம். மருந்தாக விற்பதில் பெரும்பாலும் UI இருக்கும்.

"இந்தக் கணக்கை வைட்டமின் ஏ-க்குப் போட்டுடாதீங்க, அதுக்கு வேற கணக்கு" என்றும் சொன்னாள்.

ஆனால் நாற்பதால் பெருக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த எண் எதற்கு என்று பார்க்க வேண்டும்: ஒரு சொட்டுக்கா, ஒரு மில்லிக்கா? ஒரு மில்லியில் இருபது, முப்பது சொட்டு வரும். நான் டிராப்பரை நிரப்பியிருந்தால் என் கணவர் கணக்குக்கு ரொம்பக் குறையாமல் போயிருக்கும். டிராப்பரை அதனதன் புட்டியோடுதான் வைக்கவேண்டும் என்று அப்போது புரிந்தது.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவள் அசரவில்லை. "இங்கயே நடந்திருக்கு அண்ணி" என்றாள். 2021 ஜனவரியில் பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ், பெற்றோரை எச்சரித்திருக்கிறது. வழக்கமான மருந்துக்குப் பதிலாக இணையத்தில் வாங்கிய சத்துச்சொட்டைக் கொடுத்ததில் கைக்குழந்தைகளுக்கு அளவு மீறிவிட்டது. அதில் ஒரு சொட்டிலேயே 10,000 UI இருந்திருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை பாதிக்கும். குழந்தை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மலச்சிக்கல் வரும், அடிக்கடி சிறுநீர் போகும், சோர்ந்து கிடக்கும். சேமித்து வைக்கிற வைட்டமின் என்பதால், நிறுத்தினாலும் உடனே இறங்காது. சந்தேகம் வந்தால் புட்டியோடு டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து என் மாத்திரை டப்பாவையும் திறந்து பார்த்தேன். வாரம் ஒன்று போடச் சொன்ன 60,000 IU. நாற்பதால் வகுத்தால் 1,500 மைக்ரோகிராம். "சின்ன மாத்திரைதானே" என்று ஒரு வாரம் மறதியில் இரண்டு போட்டிருக்கிறேன். அதை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை, அடுத்த முறை சொல்லவேண்டும்.

நாத்தனார் புட்டியில் மகள் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதிவைத்திருக்கிறாள்: "1 சொட்டு = 400 IU. தாத்தா தொடக்கூடாது."