40 அடியும் 127 பாகையும்

வாயாற் சொல்லப்படும் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய நம்மவர்க்கு நன்றாகத் தெரியும். காணி வழக்கென்று வந்துவிட்டால் எழுத்தறியாத கிழவரும் சட்டத்தரணியை மடக்கிவிடுவார். ஆனால் அதே மனிதரின் முன் ஒரு படத்தை எடுத்து வைத்து, "இதோ இடம், பாருங்கள்" என்றதும் அவர் வாயடைத்துப் போகிறார். கண்ணாற் கண்டதை மறுப்பதெப்படி? படம் காட்டுவது இடத்தையன்று, ஓரிடத்தில் நின்ற கமராவிற்கு அவ்விடம் தோன்றிய கோணங்களை மட்டுமே என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கமரா அடிக்கணக்கை அறியாது. தூரம் என்பது படத்தைப் பார்க்கும் நமது மனம் பழக்கத்தினால் ஊகித்துச் சேர்த்துக்கொள்வது.

இது வெறும் பௌதிகவியற் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாதபடி அண்மையில் ஒரு படம் நமது கைக்கு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக ஊறும் நிலத்தடி நீரையே காலங்காலமாக நாம் அள்ளிக் குடிக்கிறோம். கல்லின் வெடிப்பு நல்ல நீருக்கும் வழிவிடும், மலக்குழியின் கசிவுக்கும் வழிவிடும். ஆதலால் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

நமது ஊரின் ஒழுங்கையொன்றிலே மூன்று குடும்பங்கள் அள்ளும் பங்குக் கிணறு ஒன்றுண்டு. பக்கத்து வளவில் உல்லாசப் பயணிகளுக்கென விடுதியொன்று எழும்பியது. அதற்கு மலக்குழி வெட்ட அனுமதி கோரிய விண்ணப்பத்தோடு ஒரு படமும் இணைக்கப்பட்டிருந்தது. கைத்தொலைபேசியை இடமிருந்து வலமாகச் சுழற்றி எடுத்த நீண்ட படம் அது. இதைப் பனோரமா என்கிறார்கள். படத்தின் இடக் கோடியில் கிணறு, சின்னஞ்சிறு சிமிழ் போலத் தெரிந்தது. வலக் கோடியில் குழி வெட்டிய மண் குவியல். நடுவிலே பெரிய மதிலொன்று தோணியின் வயிறு போல் வளைந்து கிடந்தது. ஒழுங்கையோ வில்லாக வளைந்து, இரு முனையிலும் திரும்பி மறைந்தது. அதைப் பார்த்த எவரும் கிணறு ஒரு மூலைக்கு அப்பாலும் குழி மறு மூலைக்கு அப்பாலும் இருப்பதாகவே எண்ணுவர். கந்தோரிலும் அப்படியே எண்ணினார்கள்.

"படத்திலை பாத்தால் என்ர கிணறு அடுத்த ஊரிலை கிடக்கு, மாஸ்ரர்" என்றார் பங்குக்காரரில் ஒருவரான முதியவள். அவர் சிரிக்கத்தான் செய்தார். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

அந்த ஒழுங்கையில் வளைவே கிடையாது. மதில் நூல் பிடித்தாற்போல் நேரானது. நேரானது வளைந்ததெப்படி? ஒரு பெரிய கடதாசியைக் குழலாகச் சுருட்டி அதன் நடுவிலே நாம் நிற்பதாகக் கற்பனை செய்வோம். சுற்றிலும் தெரிவதை அந்தக் குழலின் உட்சுவரில் அப்படியே வரைந்துவிட்டுக் கடதாசியை விரித்தால் எது கிடைக்குமோ அதுவே பனோரமா. குழலுக்குள் நின்று பார்க்கும்வரை எல்லாம் சரி. விரித்துத் தட்டையாக்கிய கணத்தில் நேர்கோடுகள் வளைகின்றன. நிமிர்ந்து நிற்கும் தூண்கள் நேராகவே இருக்கும். கண் மட்டத்தில் ஓடும் கிடைக்கோடும் நேராக இருக்கும். அதற்குக் கீழே உள்ள கிடைக்கோடுகள் நடுவிலே தாழ்ந்து தொய்யும், மேலே உள்ளவை நடுவிலே உயர்ந்து வளையும். நமது மதில் 4 அடி உயரமானது, ஆளின் கண்ணுக்குக் கீழே அடங்குவது. அதன் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கீழ்நோக்கித் தொய்ந்தன, அடிவிளிம்பு மிக அதிகமாகத் தொய்ந்தது. அதுதான் அந்தத் தோணி.

மதில் பூச்சில்லாத சீமெந்துக் கல் மதில். இது நமது நல்வினை என்றே சொல்லவேண்டும். ஒரு கல் சாந்தோடு 16 அங்குலம். கிணற்றடியில் தொடங்கிக் குழியடியில் முடியும் ஒரு வரியில் 30 கற்கள். ஆகவே மதிலின் நீளம் 40 அடி. ஒழுங்கையின் மறுகரையில், மதிலுக்கு 10 அடி தள்ளி, அதன் நடுவுக்கு நேரே நின்று படம் எடுத்திருக்கிறார்கள். திரிகோண கணிதம் படிக்கும் நமது மாணவி ஒருத்திக்கு இவ்வளவே போதுமாயிருந்தது. அரைக் கடதாசியில் கணக்கை முடித்துவிட்டாள். 10 அடி தூரத்தில் நிற்பவருக்கு 20 அடி பக்கவாட்டில் உள்ள கிணறு 63 பாகைக்குச் சற்றுக் கூடிய கோணத்தில் தெரியும். மறுபுறத்துக் குழியும் அவ்வாறே. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 127 பாகை, அதாவது ஒரு மனிதன் நேரே பார்க்கும்போது தெளிவாகக் காணக்கூடியதைவிட மிக அதிகம். இன்னும் கிட்டப்போய் 5 அடியில் நின்றிருந்தால் அதே 40 அடி 150 பாகைக்கு மேல் அகன்றிருக்கும். கிட்ட நிற்க நிற்கப் படத்தில் இரு முனைகளும் விலகுகின்றன. பார்ப்பவனோ அந்த அகலத்தைத் தூரமென்று எடுத்துக்கொள்கிறான்.

அந்த 127 பாகையும் மதில் முழுவதற்கும் சமமாகப் பங்கிடப்படவுமில்லை. நடுவில் உள்ள 20 அடி மாத்திரம் 90 பாகையை விழுங்கிவிடுகிறது. இரு முனைகளிலும் உள்ள பத்துப் பத்து அடிக்குத் தலா 18 பாகை அளவே மிஞ்சுகிறது. கண்ணெதிரே உள்ள கல் ஏழரைப் பாகை அகலமாய்த் தெரிய, கடைசிக் கல் ஒன்றரைப் பாகைக்குச் சற்றே கூடத் தெரிகிறது. உயரமும் அப்படியே. முனை கண்ணிலிருந்து 22 அடிக்கு மேல் உள்ளதால் அங்கே மதில் நடுவில் உள்ளதின் பாதிக்கும் குறைவாகச் சுருங்குகிறது. கிணறு சிமிழானது இதனால்தான். சுருங்கியதைத் தொலைவென்று படிப்பது மனித மனத்தின் இயல்பு, அந்த இயல்பின்மேல்தான் விண்ணப்பகாரரின் வாதம் முழுவதும் நின்றது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பது நமக்குத் தெரியாது. ஒழுங்கை ஒடுக்கமானது, அகலமாக எடுக்க வேறு வழி தெரியாமலும் இருந்திருக்கலாம்.

கல்லை எண்ணினால் தீர்ந்தது என்று நினைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. படத்தில் எண்ணியபோது நமக்குக் கிடைத்தது 29 கற்களே. மதிலடியில் போய் எண்ணினால் 30. காணாமற்போன கல்லைத் தேடியதில் இன்னொரு விடயம் வெளிப்பட்டது. பனோரமா ஒரே படமன்று. பல ஒடுங்கிய கீற்றுகளைத் தொலைபேசி தானாகவே ஒட்டித் தைக்கிறது. கமரா நின்ற புள்ளியிலேயே திரும்பினால் தையல் பொருந்தும். நாமோ கையை நீட்டிப் பிடித்து உடம்போடு திரும்புகிறோம், கமரா நின்ற இடத்தை விட்டு ஒரு வளைவில் நகர்ந்துவிடுகிறது. அப்போது அருகில் உள்ள பொருள்கள் பின்னணியைவிட அதிகமாக இடம் பெயர, தையல் பிசகுகிறது. படத்தில் மதிலோடு சாத்தியிருந்த ஒரு சைக்கிளின் சட்டம் நடுவிலே துண்டுபட்டு, இரு சக்கரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அதே நேர்கோட்டில் கல் வரிகளும் குழம்பியிருந்தன. கல் கட்டுபவன் ஒரு வரியின் பொருத்து அடுத்த வரிக் கல்லின் நடுவில் விழும்படிதான் வைப்பான். அங்கேயோ எல்லா வரிகளிலும் ஒரே நிலைக்குத்துக் கோட்டிலே கற்கள் வெட்டுண்டு, குறைக்கல்லோடு குறைக்கல் மோதி நின்றது. ஒரு கல்லளவு இடத்தைத் தையல் விழுங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஓட்டு வரி, வேலித் தூண், ஓடு பதித்த தரை என்று ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதிலேயே தையலின் களவு பிடிபடும்.

பங்குக்காரரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அவர்களுள் ஒரு இளைஞன் கோபங்கொண்டு எதிர்ப்படம் ஒன்று எடுத்து வந்தான். ஒழுங்கை வழியே 400 அடி பின்னே போய் நின்று, உருப்பெருக்கி எடுத்த படம். அதிலே கிணற்றுக் கட்டின்மேலேயே மண் குவியல் ஏறி நிற்பதுபோலத் தெரிந்தது. கிணறு 400 அடியில், குழி 440 அடியில். பதினொன்றுக்குப் பத்து என்ற அளவே இரண்டின் தோற்றத்திலும் வேறுபாடு, அதைக் கண் கண்டுகொள்ளாது. "இதைக் குடுப்பம், சேர்" என்றான். கொடுக்கலாம், ஒழுங்கை நேரானது என்பதற்குச் சாட்சியாக மட்டும் கொடுக்கலாம் என்றோம். தூரத்துக்கு இதுவும் பொய்ச்சாட்சியே. அவனுக்கு நமது பதில் பிடிக்கவில்லை.

வளைவு என்றதும் எல்லாவற்றையும் பனோரமாவின் தலையில் கட்டுவதும் தவறு. கடைகளின் கூரையில் தொங்கும் காவற் கமராக்கள் சிலவற்றில் மீன்கண் வில்லை இருக்கிறது. நீருக்கடியிலுள்ள மீனுக்கு மேலுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகன்ற ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கித் தெரியும். அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் வூட் 1906ஆம் ஆண்டில் நீர் நிரப்பிய கமராவினால் அந்தக் காட்சியைப் படமாக்கினார். அப்பெயர் அவர் இட்டதே. பின்னர் 1920களில் இங்கிலாந்தின் றொபின் ஹில் அத்தகைய வில்லையை முகில்களைப் படம்பிடிக்க அமைத்தார். வானம் முழுவதையும் ஒரே தட்டில் அடக்குவதற்கு அது நேர்மையான கருவி. அதையே ஒழுங்கைக்குத் திருப்பினால் படத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கோடுகள் மட்டும் நேராக நிற்க, ஏனைய கோடுகள், நிமிர்ந்த தூண்களுங்கூட, வெளிநோக்கிப் புடைக்கும். தூண் நேராகவும் மதில் வளைந்தும் இருந்தால் பெரும்பாலும் பனோரமா. தூணும் வளைந்திருந்தால் மீன்கண்ணைச் சந்தேகிக்கலாம்.

இவற்றிலெல்லாம் தந்திரமானது எந்தக் கோட்டையும் வளைக்காத பரந்த கோண வில்லைதான். அது நேரை நேராகவே வைத்துவிட்டு, அதற்கு விலையாக ஓரங்களை இழுத்து நீட்டிவிடும். நடுவிலிருந்து 60 பாகை தள்ளி நிற்கும் ஒருவரின் தலை அகலத்தைப்போல் இருமடங்கு நீண்ட பூசணிக்காயாகத் தெரியும். ஆளில்லாத வளவை எடுத்தால் அந்தப் பூசணிக்காயும் இராது, முற்றம் மைதானமாகிவிடும். வளைவைத் தேடிப் பழகிய கண்ணும் இங்கே ஏமாறும். அப்படத்தின் ஓரத்தில் உருண்டையான ஏதேனும் உண்டா என்றுதான் பார்க்கவேண்டும்.

கந்தோருக்கு நாம் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். மாணவியின் கணக்கையும் சைக்கிளின் சங்கதியையும் அதில் எழுதி, இரு படங்களையும் புறந்தள்ளி அளவுநாடாவோடு வரும்படி கேட்டிருந்தோம். மூன்று கிழமை சென்று ஓர் உத்தியோகத்தர் வந்தார். நாடாவின் ஒரு முனையை முதியவள் கிணற்றுக் கட்டின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார், வேறு எவரையும் பிடிக்க விடவில்லை. கிணற்றின் விளிம்பிலிருந்து குழியின் விளிம்புவரை 41 அடி 3 அங்குலம். உத்தியோகத்தர் அதைப் பனோரமாவின் பின்புறத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார். குழி வெட்டும் வேலை இப்போதைக்கு நின்றிருக்கிறது. முடிவு அடுத்த மாதக் கூட்டத்தில் என்கிறார்கள்.