இரண்டாவதும் நான்காவதும்

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் போகும் வழியில், ஒரு தாமானின் கடைவரிசை மாடியில் இருக்கிறது அந்தக் கணினிப் பழுதுபார்ப்புக் கடை. பக்கத்திலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதனால் வருபவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். வரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, கேம் லேக் ஆவுது, கிராஃபிக்ஸ் கார்டு போடணுமா?” கடைக்கார அண்ணன் பதில் சொல்வதற்கு முன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ரேம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். இந்தப் பழக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் ஒரு சனிக்கிழமை முழுக்க அவருடைய மேசையருகே உட்கார்ந்திருந்தேன்.

அன்று வந்த மாணவரின் கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ரைசன் 5 5600ஜி சிப்பிலேயே கிராஃபிக்ஸ் அடங்கியிருக்கிறது. 8 ஜி.பி. ரேம் இரண்டு, மொத்தம் 16. விளையாட்டில் சாலை காலியாக இருந்தால் படம் ஓரளவு ஓடும். நான்கு கார்கள் சேர்ந்து புகை கிளம்பினால் திக்கித் திணறும். விண்டோஸில் 16 ஜி.பி. என்று சரியாகவே காட்டுகிறது. அதனால்தான் ரேம் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூடியைக் கழற்றியதும் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டுகள், எல்லாம் கறுப்பு. பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் A1, A2, B1, B2. இரண்டு ரேமும் மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒட்டி நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் B சேனலில் இருந்தன. A சேனல் காலி.

டி.டி.ஆர்.4 வகையில் ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். 3200 வேக ரேமில் விநாடிக்கு 320 கோடி தடவை தரவு போய்வருவதால் ஒரு சேனலின் உச்ச அளவு விநாடிக்கு 25.6 ஜி.பி. இரண்டு சேனலும் ஓடினால் 51.2. இரண்டு ரேமையும் ஒரே சேனலில் செருகினால் கொள்ளளவு கூடும், பாதை கூடாது. “கஸ்டம்ஸ்ல ரெண்டு பஸ் ஆளுங்க எறங்கி நிக்கறாங்க, ஒரு கவுண்டர்தான் தொறந்திருக்குன்னா எப்படி? அதுதான் இது,” என்றார். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கென்று சொந்த நினைவகம் உண்டு. 5600ஜி போன்ற சிப்பில் கிராஃபிக்ஸும் இந்த ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிராசஸரும் அதே பாதையில்தான் வருகிறது. பாதை பாதியானால் அடி முதலில் விழுவது விளையாட்டின் மேல்தான்.

மாணவர் அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னார். “ஒரு கூட்டாளி ஒன்னு விட்டு ஒன்னு போடச் சொன்னான் அண்ணே. மொதலாவதுலயும் மூனாவதுலயும் போட்டேன். கேம் நல்லா ஓடுச்சு. அரை மணி நேரத்துல நீலத் திரை வந்துடுச்சு. திரும்பத் திரும்ப வந்துச்சு. பயந்து பழையபடி மாத்திட்டேன்.”

அண்ணன் முகம் மலர்ந்தது. “தம்பி, நீ பாதி வேலைய முடிச்சிட்ட.”

கடையில் முதலில் பார்ப்பது இதைத்தான். பவர்ஷெல் திறந்து ஒரு வரி:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select BankLabel, DeviceLocator, ConfiguredClockSpeed
```

இரண்டு வரிசையிலும் `P0 CHANNEL B` என்று வந்தது. ஒன்றில் `DIMM 0`, மற்றதில் `DIMM 1`. இரண்டு சேனல் ஓடும்போது ஒன்றில் A, ஒன்றில் B என்று வர வேண்டும். சில போர்டுகள் இந்தப் பெயர்களைத் தாறுமாறாக எழுதி வைத்திருக்கும். அதனால் இதைப் பார்த்த பிறகும் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்பார்.

பிறகு மாணவர் செய்ததையே வேண்டுமென்று திரும்பச் செய்தார். ரேம்களை A1, B1இல் செருகி, பயோஸில் எக்ஸ்.எம்.பி.யை இயக்கி 3200இல் வைத்தார். யு.எஸ்.பி.யிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓடியது. முதல் சுற்றே முடியவில்லை, சிவப்பு வரிகள் விழுந்தன. எக்ஸ்.எம்.பி.யை அணைத்ததும் ரேம் 2133க்கு இறங்கியது. பிழை ஒன்றுகூட இல்லை. அடுத்து ஒவ்வொரு ரேமையும் தனியாக A2இல் வைத்து 3200இல் சோதித்தார். இரண்டும் தேறின. ஆக, ரேம் நல்லது, இடம்தான் கெட்டது.

காரணம் போர்டுக்குள் ஓடும் செப்புக்கோடு. பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் பிராசஸரிலிருந்து கிளம்பும் கோடு A1ஐத் தொட்டுக்கொண்டு A2இல் போய் முடிகிறது. ரேம் கடைசியில் இருந்தால் மிச்சம் எதுவும் தொங்காது. முதலாவதில் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள கோடு காலியாக நீளும். சிக்னல் அந்த முனை வரை போய் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலக்கும். 2133 வேகத்தில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 0.47 நானோவிநாடி கிடைக்கிறது. எதிரொலி அடங்க நேரம் இருக்கிறது. 3200இல் கிடைப்பது 0.31தான். அங்கேதான் பூஜ்யம் ஒன்றாகிறது, நீலத் திரை வருகிறது. சில போர்டுகள் இதையும் தாங்கிக்கொள்ளும். தாங்காதவை சில தடவை முயன்றுவிட்டு, சொல்லாமலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உரிமையாளருக்கு வாங்கிய வேகம் போனதே தெரியாது.

கடைசியாக இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். இந்த மாதிரிப் போர்டில் ஸ்லாட்டின் ஒரு பக்கத்தில்தான் கொக்கி இருக்கிறது. கொக்கி இல்லாத முனையை முதலில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பிறகு கொக்கி ‘க்ளிக்’ என்று விழும்வரை மறுமுனையை அழுத்தினார். ஒரு பக்கம் விழுந்த சத்தத்தை நம்பி விட்டுவிட்டால் மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். அப்படி வரும் கணினிகளில் ஒரு சேனல் மட்டும் ஓடும், அல்லது போர்டில் `DRAM` என்ற விளக்கு எரிந்துகொண்டே நிற்கும்.

மாலைக்குள் மெம்டெஸ்ட்86இன் நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தன. அதே விளையாட்டு, அதே இடம். காலையில் விநாடிக்கு 40 படங்களைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது இப்போது 60ஐத் தொட்டு நின்றது. புகை கிளம்பும்போது வந்த திணறலும் போய்விட்டது. எல்லாருக்கும் இவ்வளவு கூடிவிடாது என்பதையும் அண்ணன் மறைக்கவில்லை. நல்ல தனி கார்டு போட்டு, கார்டே மூச்சு வாங்கும் அளவுக்கு உயர்ந்த தரத்தில் ஆடுபவருக்குச் சராசரி எண் பெரிதாக மாறாது. இடையிடையே வரும் குலுக்கல் வேண்டுமானால் குறையும்.

டி.டி.ஆர்.5 வந்தபின் புதிய குழப்பம் ஒன்று. அதில் ஒரே ரேமுக்குள் 32 பிட் வழிகள் இரண்டு. சி.பி.யூ-இசட் மென்பொருளில் `2 x 32-bit` என்று வருவதைப் பார்த்து இரட்டைச் சேனல் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு ரேம் சரியாக இருந்தால் அங்கே `4 x 32-bit` என்று வர வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து ஒற்றை ரேமோடு வருபவர்கள் கூடிவிட்டதாகச் சொன்னார். அவர்களிடம் அவர் சொல்வது: ஒன்றுதான் என்றால் A2இல் போடு, அடுத்ததை அதே வகையில் வாங்கி B2இல் போடு.

வேலைக்கூலி 30 வெள்ளி. பில்லின் பின்பக்கம் “A2, B2, 3200, 4 சுற்று சரி” என்று எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “அடுத்த வருசம் இன்னும் ரெண்டு ரேம் வாங்கி நாலு ஸ்லாட்டயும் நெறப்புவான். அப்ப 3200 நிக்காம போகலாம். ரேம் கெட்டுப்போச்சுன்னு எவனாச்சும் புதுசு விப்பான். இந்தத் தாள் இருந்தா, மொதல்ல வேகத்தக் கொறச்சுப் பாருன்னு கேக்கலாம்ல?” என்றார்.