நாலாவது எழுத்தைப் பாருங்கள்

போன வாரம் பாலக்காட்டில் என் மச்சான் ஓர் ஐஇசி சான்றிதழைப் போனில் காட்டினார். மாங்கூழ் வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனியாம், சரக்கைக் கடனில் கேட்கிறது. லெட்டர்பேடில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தது. ஆனால் ஐஇசி எண்ணின் நாலாவது எழுத்து P.

ஜிஎஸ்டி வந்ததிலிருந்து புது ஐஇசி எண் என்பது பான் எண்ணேதான். நாலாவது எழுத்து C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம், P என்றால் தனிநபர். (பழைய ஐஇசி வெறும் இலக்கங்களாக இருக்கும், அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.)

dgft.gov.in தளத்தில் View Any IEC என்ற இடத்தில் எண்ணையும் பெயரையும் போட்டோம். வந்தது ஒரு தனிநபர் வியாபாரம், அதுவும் செயலிழந்த நிலையில். 2021 முதல் வருடாவருடம் ஏப்ரல்–ஜூனில் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் எண் முடங்கிவிடும். பிடிஎஃப் சான்றிதழில் இது தெரியவே தெரியாது. மறந்துபோன நல்ல வியாபாரியாகவும் இருக்கலாம், பின்னால் புதுப்பித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் கம்பெனி என்று சொன்னது ஏன் என்பதற்குப் பதில் வேண்டும்.

எண் உயிரோடு இருந்தாலும் அவர் பணம் கொடுப்பார் என்று அர்த்தமில்லை. பாக்கியை அது சொல்லாது. அதனால் மச்சானிடம், கம்பெனி பெயரிலேயே ஐஇசி வரட்டும், முதல் லோடுக்கு முன்பணம் வாங்குங்கள் என்றேன்.