சொந்த வீடும் வாடகை வீடும்: எங்கள் இல்லத்துக் கணக்கு

“வாடகையாகக் கொடுக்கும் பணம் ஆற்றிலே கரைத்த புளியல்லவா, தம்பி? பம்பாய்க்குப் போய் இத்தனை ஆண்டாகியும் ஒரு கூரையைச் சொந்தமாக்கிக் கொள்ளவில்லையே!” என்று ஊரிலிருந்து வந்த தமையனார் கேட்டார். அது 2023ஆம் ஆண்டு. அன்றிரவே நாங்கள் இருவரும் காகிதமும் பேனாவுமாக அமர்ந்தோம்.

முலுண்டில் நாங்கள் குடியிருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு மாத வாடகை 27,000 ரூபாய். அதே கட்டடத்தில் அத்தகைய வீடொன்று ஒரு கோடிக்கு விலைக்கு வந்திருந்தது. கடன் தொகை 75 இலட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 75க்கு மேல் வங்கி தருவதில்லை. எனவே கடன் 75 இலட்சம். கைப்பணம் 25 இலட்சம். முத்திரைத் தீர்வை 6 இலட்சம், பதிவுக் கட்டணம் 30,000, தரகு ஒரு இலட்சம் ஆகியவற்றையும் சேர்த்தால், வாசற்படி ஏறுமுன்பே 32 இலட்சத்து 30 ஆயிரம் வேண்டும். பல்லாண்டுச் சேமிப்பாக எங்களிடம் இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவே.

நூற்றுக்கு எட்டரை வட்டியில், 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை 65,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 53,000. அசலில் கழிவது 12,000தான். வாடகை கரைந்துபோகும் பணம் என்றால், வாடகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கான இந்த வட்டியும் கரைந்துபோகும் பணமே அன்றோ? பத்தாண்டு தவறாமல் கட்டிய பின்னும் 52 இலட்சத்து 50 ஆயிரம் கடன் நிற்கும்.

தவணையோடு கட்டடச் சங்கப் பராமரிப்பும் வீட்டு வரியுமாக 5,000 சேர்த்தால் மாதச் செலவு 70,000. வாடகையைக் கழித்தால் வித்தியாசம் 43,000. வாடகை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 ஏறும் என்று கொண்டால், அவ்வித்தியாசம் சிறிது சிறிதாகக் குறைந்துவரும்.

பத்தாண்டு முடிவை எண்ணிப் பார்த்தோம். வீட்டு விலையும் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ஏறினால் 163 இலட்சமாகும். கடன் போக எங்களுக்கு நிற்பது 110 இலட்சம். வாங்காமலிருந்து, கைப்பணத்தையும் மாத வித்தியாசத்தையும் வரி போக நூற்றுக்கு 8 வளரும்படி முதலீடு செய்தால், வீடு மாறும் செலவுகளைக் கழித்தும் ஏறத்தாழ 135 இலட்சம் சேரும். வீட்டு விலை ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு ஏறினால் இரண்டும் சமமாகும். அதற்கு மேல் ஏறினால் வாங்கியவருக்கே இலாபம்.

அவ்வளவு ஏற்றத்தை நம்ப எங்களுக்குத் துணிவில்லை. ஓய்வுக்குப்பின் ஊர் திரும்பும் எண்ணமும் இருந்தது. ஆகவே வாடகையிலேயே தொடரத் தீர்மானித்தோம். கணக்கு வென்றது என்று மகிழ்ந்தோம்.

2025இல் முதலீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தபோது அம்மகிழ்ச்சி மறைந்தது. இரண்டாண்டில் நாங்கள் ஒதுக்கியிருக்க வேண்டியது 10 இலட்சத்துக்குமேல். ஒதுக்கியிருந்ததோ 5 இலட்சம். திருடர் எவரும் வரவில்லை. தங்கையின் திருமணத்துக்கு நகை, கோடை விடுமுறையில் விமானப் பயணம், புதிய வண்டி என்று எல்லாம் நியாயமான செலவுகளே. மாதக் கடைசியில் மிஞ்சியதை முதலீடு செய்வோம் என்றிருந்தோம், எதுவும் மிஞ்சவில்லை.

மீண்டும் கணக்கிட்டோம். வித்தியாசத்தில் பாதியை மட்டுமே சேமித்தால் பத்தாண்டில் எங்களுக்குச் சேர்வது ஏறத்தாழ 100 இலட்சம். வீடு வாங்கியிருந்தாலோ 110! வட்டியை வாரி விழுங்கும் அந்த வங்கித் தவணை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாதந்தோறும் அசலில் ஒரு பங்கைக் கழிக்கச் செய்கிறது. வாடகைக்காரனை அப்படிக் கட்டாயப்படுத்துவார் எவருமில்லை.

எனவே அக்கட்டாயத்தை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். சம்பளம் வந்த மறுநாளே 40,000 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பரஸ்பர நிதிக்கும் சேமநிதிக்கும் சென்றுவிடும்படி ஆணை கொடுத்தோம். அத்தொகையைத் தவணை என்றே வீட்டில் அழைக்கிறோம். குழந்தைகளும் அப்படியே நம்புகின்றனர்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. எங்கள் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கானது. பள்ளி ஆண்டின் நடுவே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்ற அச்சம் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் எழுகிறது. அந்த அமைதியின் விலையை எந்தக் கணக்கிலும் எங்களால் எழுத முடியவில்லை.

சென்ற பொங்கலுக்குத் தமையனார் அதே கேள்வியைக் கேட்டார். முதலீட்டுக் கணக்குப் புத்தகத்தை அவர் முன் வைத்தோம். நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாதத் தவணை கட்டியாயிற்றா?” என்று மட்டும் கேட்டார்.